ஜூரி முன்னால் முதல் ஒரு நிமிடம்: கட்டடக்கலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து பி.ஆர்க். மாணவர்கள் தீசிஸ் ஜூரிக்கு முன் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. டிசைனை எப்படி விளக்குவது என்பது இங்கே வராது. அதற்கு முன், முன்பின் தெரியாதவர்களிடம் உங்களை அறிமுகம் செய்துகொள்ளும் அந்த ஒரு நிமிடம் மட்டும்தான். எல்லாப் பதிலுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: முட்டம் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் கருவாடு உலர்த்தும் களமும், வலை பழுதுபார்க்கும் கொட்டகையும்.

ஜூரியில இருக்கிறவங்களுக்கு என்னைப் பத்தி முன்னாலேயே ஏதாவது தெரிஞ்சிருக்குமா?

உங்கள் கைடுக்குத் தெரியும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் ஓரளவு தெரியும். வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கையில் பெயர்ப் பட்டியலும் மதிப்பெண் தாளும் இருக்கும், அவ்வளவே. காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேரைப் பார்த்திருப்பார். உங்களுக்கு முன்னால் நின்றவரின் மருத்துவமனையோ ரயில் நிலையமோ இன்னும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் அறிமுகத்துக்கு இருக்கும் வேலை ஒன்றுதான். சுவரில் தொங்கும் ஷீட்டை எந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். என்ன கட்டடம், எந்த மாதிரி இடம், இதில் எதை நீங்களே போய்ப் பார்த்தீர்கள், எது எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் அவர் ஷீட்டைப் பார்த்தால், கேள்விகள் எங்கெங்கோ போகும். களத்தின் தரைச் சாய்வைப் பற்றிப் பேச வந்த நீங்கள் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் பேசணும்?

முழு நேரமும் பத்து நிமிடம் என்றால் அறிமுகம் ஒரு நிமிடம். ஐந்து நிமிடம் என்றால் முப்பது விநாடி. நிதானமாகப் பேசும்போது ஒரு நிமிடத்தில் தமிழில் ஏறக்குறைய 80 முதல் 100 சொல் வரை சொல்லலாம். எழுதி வைத்ததை எண்ணிப் பாருங்கள். 150 சொல் இருந்தால் நேரம் போதாமல் ஓடுவீர்கள்.

மனத்துக்குள் வாசித்து நேரம் பார்க்காதீர்கள், அது எப்போதும் குறைவாகவே காட்டும். நின்றுகொண்டு, வாய்விட்டு, செல்போனில் பதிவு செய்து பாருங்கள். பதிவைக் கேட்கும்போது எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறதோ, அதை இரண்டாக உடையுங்கள்.

அப்போ என்னதான் சொல்லணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

முதலில் வழக்கமாகக் கேட்கும் வடிவத்தைப் பாருங்கள். "எல்லோருக்கும் காலை வணக்கம். என் பெயர் இன்னது. நான் இன்ன கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வரைவதில் ஆர்வம். முக்கடலும் சங்கமிக்கும் கன்னியாகுமரி என் சொந்த மாவட்டம். மீனவ மக்களின் வாழ்க்கையை உயர்த்த வேண்டும் என்பது என் நோக்கம். கடலோடு பேசும் ஒரு கட்டடத்தை வடிவமைத்திருக்கிறேன்." இதில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் என்ன கட்டடம் என்றே இன்னும் ஜூரிக்குத் தெரியாது. அரை நிமிடம் போய்விட்டது.

இனி அதே மாணவி, அதே வேலை: "வணக்கம். என் பெயர் இன்னது, ஐந்தாம் ஆண்டு. நான் எடுத்திருப்பது கருவாடு உலர்த்தும் களமும் வலை பழுதுபார்க்கும் கொட்டகையும். இடம் முட்டம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் கருவாடு காயும் நாள் குறைவு. என் டிசைன் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான். கருவாடு போடும் பெண்கள் 18 பேரிடம் பேசினேன். இப்போதுள்ள களத்தை நானே டேப் வைத்து அளந்தேன். உயர் அலைக்கோடு மட்டும் அரசு வரைபடத்திலிருந்து எடுத்தது. கூரையும் களமும் முடிந்துவிட்டன. கழிவுநீர் வடிகால் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. கூரையின் செக்ஷனில் காற்று நான் நினைத்தபடி போகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் ஷீட், சைட் பிளான், 1:500."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் ஆர்வம், நோக்கம், சேவை என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் 18 பேரிடம் பேசியவர், களத்தை அளந்தவர் என்று தெரிந்த உடனேயே ஆர்வம் எவ்வளவு என்பது ஜூரிக்குப் புரிந்துவிடும். அலைக்கோடு தன் அளவீடு இல்லை என்று அவரே முன்வந்து சொன்னதும் முக்கியம். அதைப் பிறகு ஜூரி கண்டுபிடித்தால் மற்ற அளவுகளின் மீதும் சந்தேகம் விழும். கடைசி வாக்கியம் அறிமுகத்தை நேராக ஷீட்டில் கொண்டு இறக்குகிறது. "நன்றி, இனி என் வேலையைக் காட்டுகிறேன்" என்று இடையில் ஒரு பாலம் கட்ட வேண்டியதில்லை.

கன்னியாகுமரின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியுமே, இடத்தைத் தனியா விளக்கணுமா?

கட்டாயம் விளக்குங்கள். வெளியூர்க்காரருக்குக் கன்னியாகுமரி என்றால் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும்தான். மாவட்டத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர் என்பதால் உங்கள் சைட் சுற்றுலாப் பயணிகள் நடுவில் இருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார். "சுற்றுலா வருகிறவர்களுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வி பல நேரம் இப்படித்தான் வருகிறது. "கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவிலுக்கு மேற்கே, சுற்றுலா ஊரிலிருந்து தள்ளி" என்று ஒரு வரி போதும், அந்தக் கேள்வி எழாது.

கடலோர சைட் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள், ஆனால் மாதம் வேறு. சென்னையிலிருந்து வந்தவரிடம் வெறுமனே "தடைக்காலத்தில் களம் காலியாகக் கிடக்கும்" என்றால், அவர் கத்திரி வெயிலில் காலியாகக் கிடப்பதாக எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்வதோ கொட்டும் மழைக்காலத்தை. அந்தக் களத்துக்குக் கூரை எதற்கு, எந்த மாதத்தில் அதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற உங்கள் வாதம் முழுவதும் அங்கேயே உடைந்துவிடும். எனவே மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மழைக்கும் அதே முறைதான். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நம் மாவட்டத்தில் பெய்யும் என்பது மதுரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வருபவருக்கு உடனே நினைவு வராது. மாதிரியில் "ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை" என்று வைத்திருப்பது அதனால்தான்.

எங்க நிக்கணும்? எப்போ வாயைத் திறக்கணும்?

ஷீட்டுகள் இடமிருந்து வலமாக மாட்டப்பட்டிருந்தால், ஜூரியின் பார்வைக்கு இடது ஓரத்தில், முதல் ஷீட்டுக்குச் சற்று வெளியே நில்லுங்கள். அப்போது ஷீட்டுகள் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். இடது கையால் சுட்டினால் முதுகு ஜூரிக்குத் திரும்பாது. வலது கையால் சுட்டப் போனால் உடம்பு திரும்பி, குரல் சுவருக்குப் போய்விடும். நான்கு ஏ1 ஷீட்டை நெட்டுவாக்கில் மாட்டினாலே இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளும். அறிமுகம் முடியும் வரை நடக்காதீர்கள்.

கடைசி பின்னைக் குத்திக்கொண்டே பெயரைச் சொல்லத் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பின்னைக் குத்தி முடித்து, மாடலை மேசையில் வைத்து, திரும்பி நின்று இரண்டு மூச்சு விடுங்கள். ஷீட் மாட்டிய உடனே ஜூரியின் கண் தலைப்பையும் வடக்கு அம்புக்குறியையும் அளவுகோலையும் தேடிக்கொண்டிருக்கும், காது உங்களிடம் இருக்காது. அவர்களில் ஒருவராவது நிமிர்ந்து உங்களைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

மாதிரியின் கடைசியில் 1:500 என்று அளவுகோலை வாயால் சொல்ல வைத்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 3 மில்லிமீட்டர் எழுத்து தெரியாது. சுவரில் வாசிக்க வேண்டிய எழுத்து 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பெரும்பாலான ஷீட்டுகளில் அளவுகோல் குறிப்பு அதைவிடச் சின்னது.

தமிழ்ல பேசலாமா? எங்க ஊர் பேச்சு வந்துருமே, சிரிப்பாங்களா?

முதல் நாளே கைடிடம் கேட்டு, ஜூரியில் தமிழ் தெரியாதவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். திருவனந்தபுரம் பக்கம் என்பதால் மலையாளம் பேசுபவர் வருவதுண்டு. அவர்களுக்குத் தமிழ் பெரும்பாலும் புரியும், ஆனால் வேகமாகப் பேசினால் பின்தங்குவார்கள். ஆங்கிலம் வேண்டும் என்றால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு கலந்து பேசினால் யாரும் குறையாக எடுப்பதில்லை.

ஊர்ப் பேச்சை மறைக்க முயல வேண்டாம். மறைக்க முயலும்போது வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. தவிர, வள்ளம், கரமடி, சாளை, நெத்திலி போன்ற சொற்கள் உங்கள் வேலையின் தொழிற்சொற்கள். முதல் முறை சொல்லும்போது மட்டும் பொருளையும் சேர்த்துவிடுங்கள்: "கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை." அதை விரித்துக் காயப்போட எவ்வளவு நீளமான இடம் வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. கொட்டகை ஏன் அவ்வளவு நீளம் என்று பிறகு தனியாக வாதாட வேண்டியிருக்காது.

'நான் ஆர்க்கிடெக்ட்'னு சொல்லிக்கலாமா? அஞ்சு வருஷம் முடிஞ்சாச்சே.

இப்போது கூடாது. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஜூரி நடக்கும்போது உங்களிடம் பட்டமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. "ஐந்தாம் ஆண்டு மாணவி" அல்லது "இறுதியாண்டு மாணவன்" என்பதே சரி. ஷீட்டின் தலைப்புக் கட்டத்திலும் பெயருக்கு முன்னால் 'ஆர்.' என்று போட்டிருந்தால் அச்சுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துத்தான் டிசைன் பண்ணினேன். அதை அறிமுகத்துல சொன்னா எடுபடுமா?

நம் மாவட்டத்து மாணவர்களில் பலர் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள், ஜூரிக்கும் அது தெரியும். பெயரை மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அரண்மனையில் எதை எடுத்தீர்கள்?" அப்போது "பாரம்பரியம்", "மரவேலை" என்று பொதுவாகச் சொல்ல நேர்ந்தால் அறிமுகம் அங்கேயே தளர்ந்துவிடும்.

குறிப்பாக ஒன்றை எடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். செங்குத்தாக இறங்கும் ஓட்டுக் கூரை மழையை வேகமாக வடித்துவிடும். நெருக்கமான மரச் சட்டங்களாலான தடுப்பு வெயிலை நிறுத்தும், காற்றை விடும். கருவாட்டுக் களத்துக்கு இரண்டாவது நேரடியாக உதவும், ஏனென்றால் அங்கே வேண்டியது காற்று, வேண்டாதது சாரல். "தடுப்பு பத்மநாபபுரத்திலிருந்து, கூரை அங்கிருந்து இல்லை" என்று பிரித்துச் சொன்னால் நீங்கள் போய்ப் பார்த்து யோசித்தவர் என்று தெரியும். அப்படிப் பிரிக்க முடியாவிட்டால் அறிமுகத்தில் அந்தப் பெயரையே எடுக்காதீர்கள், அந்தச் செக்ஷன் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

வேலை முழுசா முடியல்ல. முதல்லேயே சொல்லணுமா, கேட்டா மட்டும் சொல்லணுமா?

முதலிலேயே, ஒரே வாக்கியத்தில், எது முடியவில்லை என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மாதிரியில் "கழிவுநீர் வடிகால் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது" என்பது அந்த வாக்கியம். மீன் கழுவிய நீர் எங்கே போகிறது என்பது கருவாட்டுக் களத்தில் யாரும் கேட்கும் கேள்வி. நீங்கள் சொல்லாவிட்டால் மூன்றாவது நிமிடத்தில் அவர்களே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த பிறகு மீதி நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

மன்னிப்புக் கேட்பது வேறு. "மன்னிக்கணும் சார், நேரம் கிடைக்கவில்லை, பிளாட்டர் கடையில் கூட்டம், கரண்ட் போயிடுச்சு" என்று தொடங்கினால் ஜூரி ஷீட்டில் குறைகளைத் தேட ஆரம்பிக்கும். காரணங்கள் வேண்டாம். எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் போதும். ஒரு பிளானே வரவில்லை, மாடலே இல்லை என்கிற அளவுக்கு முடியாமல் இருந்தால் அதை ஜூரிக்கு முன் கைடிடம்தான் பேச வேண்டும். அறிமுகத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது.

நாலு பேர் சேர்ந்து செஞ்ச வேலை. எல்லாரும் பேர் சொல்லணுமா?

தீசிஸ் பெரும்பாலும் தனி வேலை. நடு ஆண்டுகளில் வரும் குழு வேலையில்தான் இந்தச் சிக்கல். ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. ஆனால் பெயரோடு யார் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்: "அளவெடுத்தது இவர், கூரை இவர், மாடல் இவர்கள் இரண்டு பேர்." பெயர் சொல்லும்போது அவரவர் லேசாகத் தலையசைத்தால் ஜூரிக்கு முகமும் பெயரும் சேரும். கேள்வி நேராக உரியவரிடம் போகும்.

நான்கு பேரும் வரிசையாக வணக்கம் சொல்லி ஊர், கல்லூரி சொல்லத் தொடங்கினால், இரண்டாவது பதிலில் சொன்ன கணக்குப்படி நேரம் முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும்.

சைட் என் சொந்த ஊரு. சொன்னா நல்லதா, கெடுதலா?

சொல்லுங்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவும் ஒரு பதில்தான். அதிகாலை மூன்று மணிக்கு வள்ளம் கரையேறும்போது எங்கே நெரிசலாகிறது என்பது வெளியிலிருந்து இரண்டு நாள் வந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆனால் "எங்க ஊர்தான், எனக்கு எல்லாம் தெரியும்" என்பதில் ஒரு குழி இருக்கிறது. தெரிந்த இடத்தை யாரும் அளப்பதில்லை. தெரு ஆறடி என்று நினைத்திருப்பீர்கள், அளந்தால் நாலரை இருக்கும். கடலோரத்தில் இது பெரிய தவறாகிவிடும். 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமப் பகுதிக்கு உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டரும், நெருக்கம் குறைந்த பகுதிக்கு 200 மீட்டரும் வளர்ச்சித் தடைப் பகுதி. நெருக்கம் என்பதற்கு அளவு, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல். உங்கள் ஊர் எதில் வருகிறது என்று "ஊர்க்காரன்" என்ற தகுதியால் தெரிந்துவிடாது. மீன் உலர்த்தும் களம், வலை பழுதுபார்க்கும் இடம் போன்ற மீனவர் வசதிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதே கட்டடத்தில் உணவகமும் தங்கும் அறையும் சேர்த்திருந்தால் அந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. ஆகவே "சைட் என் ஊர், அளவுகள் நான் எடுத்தவை" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், இரண்டாவது உண்மையாக இருந்தால் மட்டும்.

சைட் உங்கள் ஊர் இல்லை என்றாலும் அதே நேர்மைதான். "நான் மலையோரம் குலசேகரத்துக்காரி, கடற்கரைக்கு நான்கு முறை போனேன்" என்று சொல்லுங்கள். ரப்பர்த் தோட்டத்து ஊர்க்காரிக்குக் கருவாட்டுக் களம் புதிது என்று தெரிந்தால், ஜூரி அதற்கேற்பக் கேட்கும்.

பேசிட்டு இருக்கும்போதே குறுக்க கேள்வி கேட்டா என்ன செய்ய?

பதில் சொல்லுங்கள், ஆனால் ஒரே வாக்கியத்தில். "கூரை என்ன பொருள்?" என்று கேட்டால் "ஓடு, கீழே தேக்குச் சட்டம். மூன்றாவது ஷீட்டில் விவரமாக வருகிறது." பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மறுபடி வணக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வியும் வந்துவிட்டால் அவர்களுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை என்று பொருள். மீதியை விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: எது முடியவில்லை என்ற அந்த வாக்கியம். கேள்விகளுக்கு நடுவே இடம் பார்த்து அதைச் சேர்த்துவிடுங்கள். நேரத்தைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தாலும் இதே முறைதான். பெயர், என்ன கட்டடம், எங்கே, எது முடியவில்லை என்ற நான்கோடு ஷீட்டுக்குப் போய்விடலாம்.

போட்டி ஜூரி. பேரும் காலேஜும் சொல்லக்கூடாதுன்னு விதி. அப்போ எப்படி அறிமுகம்?

பெயரில்லாமல் நுழைவு எண்ணோடு நடக்கும் போட்டிகளில், உங்களை அடையாளம் காட்டும் எதுவும் தகுதி நீக்கத்துக்குக் காரணமாகலாம். பெயரும் கல்லூரியும் மட்டும் இல்லை, கைடின் பெயர், கல்லூரி முத்திரை உள்ள ஐடி கார்டு, சீருடை டி-ஷர்ட், ஷீட்டின் மூலையில் விட்டுப்போன கையெழுத்து எல்லாமே அதில் சேரும். கணினியில் ஷீட்டைத் திறக்கும்போது ஃபைல் பெயரிலும் உங்கள் பெயர் தெரியும். அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

மாதிரியில் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் "வணக்கம், நுழைவு எண் இன்னது" என்று மாற்றினால் மீதி அப்படியே பொருந்தும். "சைட் என் சொந்த ஊர்" என்பதை மட்டும் இங்கே விடுங்கள்.

ஜூரியில ஒருத்தர் நான் டிரெயினிங் போன ஆபீஸ்காரரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கணுமா, தெரியாத மாதிரி இருக்கணுமா?

இரண்டும் வேண்டாம். ஜூரி தொடங்கும் முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள். ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டால் ஆளை மாற்றுவார், அல்லது மதிப்பெண் போடுவதிலிருந்து அவரை ஒதுக்குவார். அது அவர் முடிவு. அதற்கு நேரம் இல்லாமல் அறைக்குள் வைத்துத்தான் பார்க்கிறீர்கள் என்றால், பெயர் சொன்ன கையோடு ஒரு வாக்கியம்: "சாரின் ஆபீஸில் டிரெயினிங் செய்திருக்கிறேன்." சிரித்துப் பேசி நெருக்கம் காட்டவும் வேண்டாம், முகத்தைத் திருப்பவும் வேண்டாம்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ஆபீஸில் பார்த்த ஒரு டீட்டெயில், உதாரணமாக ஓட்டுக் கூரையின் இறவாணத்தில் தண்ணீர் விழும் விதம், உங்கள் ஷீட்டில் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள். "இறவாண டீட்டெயில் அங்கே கற்றது, உப்புக் காற்றுக்காக ஆணியை மட்டும் மாற்றியிருக்கிறேன்." அவர் அதைத் தன் வேலையென்று அடையாளம் கண்டு, நீங்கள் சொல்லவில்லை என்றால், அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். மதிப்பெண் தாளில் மட்டும் எழுதுவார்.